புள்ளி வைக்காத கோலம்

அச்சகத்திலிருந்து ஃபோன் வந்தபோது மாலை ஆறு மணி இருக்கும். "அண்ணே, அட்டையில பின்னாடி ஒரு கடை இருக்குல்ல, அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு? பிளேட் போடுறதுக்கு முன்னாடி கேட்டுக்கலாம்னுதான்" என்றார் அங்கே வேலை பார்க்கும் தம்பி. கோப்பைத் திறந்து அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தமிழைப் போலவே சுழிகள், கொம்புகள், கால்கள் எல்லாம் இருந்தன. ஆனால் ஓர் எழுத்துகூட எழுத்தாக இல்லை.

அது ஒரு சிறுகதைத் தொகுப்பின் அட்டை. முன்னால் நிற்கும் பெண்ணை நானே வெறும் சுவரின் முன் நிறுத்திப் படமெடுத்திருந்தேன். பின்னணித் தெரு, செயற்கை நுண்ணறிவுப் படக்கருவி உருவாக்கியது: இடப்பக்கம் ஒரு தேநீர்க் கடை, வலப்பக்கம் நான்கு தூண்களோடு ஒரு திண்ணை வீடு, கீழே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பதித்த தரை. போர்டைப் பார்த்த கண்ணோடு மற்றதையும் பார்க்கத் தொடங்கியபோதுதான் இன்னும் மூன்று கோளாறுகள் தெரிந்தன. தரைக் கட்டங்கள் நடுவில் ஓரிடத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நழுவியிருந்தன. தூண்களின் இடைவெளி ஒழுங்காகக் குறையவில்லை. பெண்ணின் தலைக்கு இடப்பக்கம் தொடங்கிய ஓட்டுக்கூரையின் விளிம்பு, தலைக்குப் பின்னால் புகுந்து வலப்பக்கம் வெளிவரும்போது ஒரு விரல் அளவு கீழே இறங்கியிருந்தது.

அன்றிரவு முழுக்க உட்கார்ந்து சரிசெய்ததில் நான் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. எழுத்து, தரை, கூரை என்று தனித்தனியாகத் தெரிந்தாலும் இவை ஒரே கோளாறு. அக்கம்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பது இந்தக் கருவிகளுக்கு அபாரமாகத் தெரியும். முழுமைக்கும் சேர்த்து ஒரு விதி இருக்கிறது, அதை இங்கேயும் அங்கேயும் ஒருசேரக் காப்பாற்ற வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1958இல் லயனல் பென்ரோஸும் அவர் மகன் ரோஜர் பென்ரோஸும் வெளியிட்ட 'இயலாத முக்கோணம்' பலருக்கு நினைவிருக்கலாம். அதன் மூன்று மூலைகளில் எதைத் தனியாகப் பார்த்தாலும் சரியாக இருக்கும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அப்படி ஒரு பொருளைச் செய்யவே முடியாது. உருவாக்கப்பட்ட பின்னணிகளில் நடப்பது இதேதான்.

முதலில் எழுத்து. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற கருவிகள் படத்தைப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. படத்தின் சுருக்க வடிவம் ஒன்றை உருவாக்கி, கடைசியில் அதை விரித்துப் படமாக்குகின்றன. 2022இல் வந்த முதல் வடிவத்தில் 512×512 பிக்சல் படம், 64×64 கட்டங்களாகச் சுருங்கியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 எண்கள். அதாவது 8 பிக்சல் அகலமும் 8 பிக்சல் உயரமும் உள்ள ஒரு துண்டுக்கு, மூன்று நிறங்களுக்குமாகச் சேர்த்து 192 எண்கள் தேவைப்படும் இடத்தில், 4 எண்களே உண்டு. முகம், மேகம், சுவர், இலை போன்றவற்றுக்கு இது தாராளம். பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து மிச்சத்தை ஊகித்துக்கொள்ள முடியும். எழுத்தை ஊகிக்க முடியாது. ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் 'ர'வும் 'ர்' என்பதும் பிரிந்துவிடுகின்றன.

என் படம் 832×1216 பிக்சல். கடையின் போர்டு அதில் 150 பிக்சல் அகலம். 'தேநீர் நிலையம்' என்று எழுதச் சொல்லியிருந்தேன். ஏழு எழுத்துகள். ஓர் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 17 பிக்சல் அகலம், 24 பிக்சல் உயரம். சுருக்கக் கணக்கில் இரண்டு கட்டம் அகலம், மூன்று கட்டம் உயரம். ஆறு கட்டங்களுக்குள் 'லை'யின் முன்னால் நிற்கும் இணைக்கொம்பும், லகரத்தின் வளைவும், இரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடமும் அடங்க வேண்டும். அடங்காது. இதை உறுதிசெய்துகொள்ள ஓர் எளிய சோதனை இருக்கிறது. கடைத்தெருவை நாமே கேமராவில் எடுத்த ஒரு நிஜப் படத்தை, எதையும் உருவாக்கச் சொல்லாமல், இந்தச் சுருக்கத்துக்குள் அனுப்பித் திரும்ப விரித்துப் பார்த்தால் போதும். தூரத்துப் போர்டுகளின் சிறிய எழுத்துகள் அப்போதே குழைந்துவிட்டிருக்கும். வரையும் திறமைக்கு முன்பே, காகிதத்தின் கரகரப்பே எழுத்தை விழுங்கிவிடுகிறது என்று சொல்லலாம்.

இரண்டாவது காரணம், எழுத்துக்கூட்டல். நாம் கொடுக்கும் சொல் இந்தக் கருவிகளுக்குள் எழுத்தெழுத்தாகப் போவதில்லை. துண்டுதுண்டாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஓர் எண்ணாகப் போகிறது. பெரும்பாலும் ஆங்கிலத் தலைப்புகளோடு பயிற்சி பெற்றவை என்பதால், தமிழ்ச் சொல் இன்னும் பொடியாக நொறுங்கி, பொருளற்ற துணுக்குகளாகச் சேருகிறது. போதாததற்கு, கணினி தமிழைச் சேமிக்கும் வரிசையும் நாம் பார்க்கும் வரிசையும் வேறு. 'தே' என்பதில் தகரம் முதலில், ஏகாரக் குறி பிறகு என்று சேமிக்கப்படுகிறது. கண்ணுக்கோ கொம்பு இடப்பக்கம், தகரம் அதற்கு வலப்பக்கம். இந்த இடமாற்றத்தை யாரும் சொல்லித்தராமல், சில படங்களைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அந்தக் கருவிக்கு மிகப் பெரிய சுமை. 2024இல் வந்த புதிய வகைகள் சில, கட்டத்துக்கு 4 எண்களுக்குப் பதில் 16 எண்கள் வைத்துக்கொள்கின்றன. அவற்றில் பெரிய ஆங்கில எழுத்துகள் தெளிவாகவே வருகின்றன. பின்னணியில் தூரத்தில் தெரியும் சின்னப் போர்டுக்கு, அதுவும் தமிழ்ப் போர்டுக்கு, அதை நம்பி நான் உட்காருவதில்லை.

இனி தரை. மார்கழிக் கோலம் போடுகிறவர்கள் முதலில் புள்ளிகளை எண்ணி வைத்துவிடுவார்கள். கம்பி இழுப்பது அதன் பிறகு. எந்த மூலையில் தொடங்கினாலும் கோலம் ஒட்டுவதற்குக் காரணம், முன்பே எண்ணி வைத்த அந்தப் புள்ளிகள்தான். படக்கருவி புள்ளி வைப்பதில்லை. அது முழுப் பரப்பையும் தாறுமாறான இரைச்சலில் தொடங்கி, 20 அல்லது 30 படிகளில் இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்குகிறது. முதல் சில படிகளில் 'இங்கே சுவர், இங்கே தரை' என்ற பெரிய அமைப்பு முடிவாகிவிடும். நுணுக்கமான கட்டங்கள் பிந்தைய படிகளில்தான் தோன்றும். அப்போது இடது மூலையில் ஒரு கட்டம் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வலது மூலையிலும் அப்படியே. இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டங்கள் வளர்ந்து நடுவில் சந்திக்கும்போது அரைக் கட்டம் மிஞ்சினால், அங்கே ஒரு வளைந்த கட்டமோ ஒட்டிய இரு கறுப்புகளோ வைத்துச் சமாளித்துவிடுகிறது. ஒரு கூடத்துக்கு இரண்டு மேஸ்திரிகள் நூல் பிடிக்காமல் இரு முனைகளிலிருந்தும் கல் பதித்துவந்தால் நடுவில் என்ன ஆகுமோ, அதுதான் என் அட்டையின் தரையில் ஆகியிருந்தது. ஜன்னல் கம்பி, படிக்கட்டு, ஓட்டு வரிசை எல்லாவற்றுக்கும் இதே கதை.

கூரைக்கும் தூணுக்கும் வருவோம். நிஜத்தில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கோடுகள், படத்தில் நீட்டினால் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். அதை மறைபுள்ளி என்போம். தரைக்கு இணையான கோடுகளின் மறைபுள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் விழும். அது கேமரா இருந்த உயரத்தைக் காட்டும் கண்மட்டக் கோடு. பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹானி ஃபரித், 2022இல் இத்தகைய படங்களில் கோடுகளை நீட்டிப் பார்த்து, அவை ஒரே புள்ளியில் கூடுவதில்லை என்று காட்டினார். 2024இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் சேர்ந்து, கோடுகளையும் நிழல்களையும் மட்டும் பார்த்தே ஒரு படம் உருவாக்கப்பட்டதா என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும் என்று காட்டினார்கள். கருவி அந்தத் தெருவைக் கட்டவில்லை, அதனுள் நின்று படமெடுக்கவும் இல்லை. தெருக்களின் படங்கள் எப்படி இருக்கும் என்பதை மட்டுமே கற்றிருக்கிறது. கோடு சுமாரான கோணத்தில் சாய்ந்திருந்தால் அதற்குப் போதும்.

பெண்ணின் தலைக்குப் பின்னால் கூரை உடைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது என் தவறு. பெண்ணின் படத்தை நடுவில் வைத்துவிட்டு, அவளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை நிரப்பச் சொல்லியிருந்தேன். அவள் உருவம் ஒரு சுவர் போல நடுவில் நின்றது. இடப்பக்கக் கூரையும் வலப்பக்கக் கூரையும் ஒரே கூரைதான் என்பதற்கு, அவள் உடலுக்குப் பின்னால் தொடர்ச்சியாக எதுவும் இல்லை. இரு பக்கமும் தத்தம் கூரையைத் தாமே வரைந்துகொண்டன. இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடிய மருந்து எளிது: ஆள் இல்லாத வெறும் தெருவை முழுதாக உருவாக்கிக்கொண்டு, அதன் மேல் ஆளைத் தனி லேயராக வைப்பது.

சரிசெய்யும் வேலையில் வரிசைதான் முக்கியம். கண்ணை முதலில் உறுத்துவது எழுத்து என்பதால் எல்லோரும் அதில்தான் கை வைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்யப் போனேன். ஆனால் போர்டு தொங்குவது சுவரில். சுவர் திரும்பினால் போர்டும் திரும்பும். அப்போது எழுதியது எல்லாம் வீண். ஆகவே முதலில் கோடு, பிறகு கட்டம், பிறகு படத்தை அச்சு அளவுக்குப் பெரிதாக்குதல், கடைசியில்தான் எழுத்து.

ஜிம்ப் மென்பொருளில் படத்தின் மேல் வெற்று லேயர் ஒன்றைப் போட்டு, திண்ணை விளிம்பு, கூரை விளிம்பு, தூண்களின் தலைகளையும் அடிகளையும் இணைக்கும் கோடுகள் ஆகியவற்றைச் சிவப்பில் நீட்டினேன். நான்கு கோடுகள் மூன்று வெவ்வேறு இடங்களில் வெட்டிக்கொண்டன. எதை நம்புவது? மிக நீளமான கோட்டையும், முன்னால் நிற்கும் ஆளுக்கு மிக அருகில் உள்ள கோட்டையும் நம்பலாம்; அவற்றை மாற்றினால்தான் அதிகம் கெடும். திண்ணை விளிம்பும் தூண்களின் அடிக்கோடும் கூடிய புள்ளியை மறைபுள்ளியாக வைத்து, அதன் வழியே கிடையாக ஒரு கண்மட்டக் கோடு இழுத்தேன். அது பெண்ணின் முழங்காலருகே போயிற்று. அவளைப் படமெடுத்தபோது என் கேமரா அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அதனால்தான் அவள் அந்தத் தெருவில் ஏதோ ராட்சசி போல நின்றிருக்கிறாள். எனக்கு இரண்டு நாளாகக் காரணம் புரியாமல் இருந்தது. சமதரையில், நெஞ்சு உயரக் கேமராவில் எடுத்தால், அருகில் இருப்பவருக்கும் தூரத்தில் இருப்பவருக்கும் கண்மட்டக் கோடு நெஞ்சருகேதான் போகும். பின்னணியை மேலே நகர்த்தி அந்தக் கோட்டை அவள் நெஞ்சுக்குக் கொண்டுவந்ததும் அவள் தரையில் இறங்கி நின்றாள்.

தூண்களைச் சோதிக்க ஓவியர்களின் பழைய வழி ஒன்று இருக்கிறது. முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாம் தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தில்தான் மூன்றாம் தூண் நிற்க வேண்டும். ஒன்று முதல் மூன்று வரை உள்ள பரப்பு ஒரு செவ்வகம், அதன் மூலைவிட்டம் நடுவில் உள்ள தூணை நடுவில் வெட்டும் என்பதுதான் அடிப்படை. என் படத்தில் முதல் தூண் 300 பிக்சல் உயரம், இரண்டாவது 200. சம இடைவெளியில் நிற்கும் தூண்கள் என்றால் மூன்றாவது 150, நான்காவது 120 இருக்க வேண்டும்; 600ஐ 2, 3, 4, 5 என்று வகுத்துக்கொண்டே போவது போல. இடைவெளிகள் 100, 50, 30 என்று சுருங்க வேண்டும். கருவி வரைந்திருந்தது 100, 64, 58. அதாவது தூண்கள் தள்ளிப் போகப் போகவும் கடைசி இரண்டு இடைவெளிகள் கிட்டத்தட்ட ஒரே அளவாகவே இருந்தன. முதல் தூணை நகலெடுத்து, உரிய உயரத்துக்குச் சுருக்கி, உரிய இடங்களில் வைத்தேன். தூண் இருந்த பழைய இடங்களை மட்டும் மாஸ்க் போட்டு, அந்தச் சுவர்ப்பகுதியை மறுபடி வரையச் சொன்னேன்.

கூரை விளிம்பு இப்படி வெட்டி ஒட்டுவதற்கு ஒத்துவரவில்லை. இழுத்து வளைத்தால் ஓடுகள் நசுங்கின. அங்கே மட்டும், நான் இழுத்த கோடுகளையே ஒரு வரைபடமாக்கி, அதை வழிகாட்டியாகக் கொடுத்துக் கூரைப் பகுதி முழுவதையும் புதிதாக வரையச் செய்தேன். 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கன்ட்ரோல்நெட் என்ற முறை இதற்கு உதவுகிறது. சொற்களோடு ஒரு கோட்டுப்படத்தையும் கொடுத்து, 'இந்தக் கோடுகளை மீறாமல் வரை' என்று கட்டுப்படுத்தலாம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு முறை மறுபடி வரையும்போதும் முழுப் படமும் அந்தச் சுருக்கத்துக்குள் போய்த் திரும்பலாம். தொடாத இடங்களும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குழையும். நாலைந்து முறை போய்வந்தால் முகத்தின் தோலே மெழுகாகிவிடும். அதனால் திரும்பிவந்த படத்திலிருந்து மாஸ்க் உள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பழைய படத்தின் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தரையை, சாய்வாகத் தெரியும் நிலையிலேயே திருத்த முயன்றால் கை ஓயும். ஜிம்பின் `Perspective` கருவியில் `Corrective` என்ற திசையைத் தேர்ந்து, தரையில் ஒரு பெரிய நாற்கரத்தின் நான்கு மூலைகளைக் குறித்தால், மேலிருந்து பார்ப்பது போலத் தரை நிமிர்ந்துவிடும். நிமிர்த்தியதும் கோளாறு அப்பட்டமாகத் தெரிந்தது: இடப்பக்கம் எட்டு கட்டம் இருந்த நீளத்தில் வலப்பக்கம் ஏழரை. ஒழுங்காக இருந்த நான்கு கட்டங்களை ஓர் அலகாக எடுத்து, எண்ணி அடுக்கி, புதுத் தரை செய்து, அதே நான்கு மூலைகளுக்குத் திரும்பச் சாய்த்தேன். இப்படி நகலெடுத்த தரை அதிகச் சுத்தமாக, பிளாஸ்டிக் போல இருக்கும். அதற்குப் பழைய தரையின் வெளிச்சமும் அழுக்கும் வேண்டும். பழைய தரையை நன்றாக மங்கலாக்கினால் கட்டங்கள் கரைந்து ஒளி, நிழல் மட்டும் மிஞ்சும்; அதைப் புதுத் தரையின் மேல் `Multiply` முறையில் வைத்தால் திண்ணையின் நிழல் பழைய இடத்திலேயே விழும்.

அட்டை 5.5 அங்குல அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 1650 பிக்சல் வேண்டும். என்னிடம் இருந்தது 832. இரண்டு மடங்காக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு குழி இருக்கிறது. பெரிதாக்கும் மென்பொருள்கள் மங்கலான விளிம்பைக் கூராக்கும். போர்டில் பொய் எழுத்து இருக்கும்போதே பெரிதாக்கினால், குழைந்து தெரிந்த கிறுக்கல் கல்வெட்டு போலத் தெளிவாகிவிடும். ஆகையால் பெரிதாக்கும் முன் போர்டின் எழுத்தை அழித்து வெற்றுப் பலகையாக்கிவிட்டேன். தெருக்கோடியில் இருந்த இன்னும் மூன்று குட்டிப் போர்டுகளில் எழுதவே இல்லை. எழுத்தின் உயரம் 8 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் நிஜக் கேமராவிலும் அது வெறும் நிறப்பட்டைதான். அவற்றை மங்கலாக்கியதோடு விட்டேன்.

கடைசியாகத் 'தேநீர் நிலையம்'. தனிக் கோப்பில், போர்டைப் போல நான்கு மடங்கு பெரிதாக, தூரிகையில் எழுதிய தோற்றமுள்ள ஒரு தடித்த எழுத்துருவில் அடித்தேன். சில மென்பொருள்களில் கொம்பு தன் இடத்தை விட்டு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'தே'யையும் 'லை'யையும் பெரிதாக்கிச் சரிபார்த்துவிட்டே படமாக்கினேன். பிறகு அதைப் போர்டின் நான்கு மூலைகளுக்கு இழுத்துப் பொருத்தினேன். போர்டின் மேல், கீழ் விளிம்புகளும் அந்தத் தெருவின் மறைபுள்ளியை நோக்கித்தான் போகின்றனவா என்று சிவப்புக் கோடுகளோடு ஒத்துப் பார்த்தேன். எழுத்தின் கறுப்பு, படத்தில் வேறெங்கும் இல்லாத முழுக் கறுப்பாக இருந்தால் ஒட்டவைத்த ஸ்டிக்கர் போலத் துருத்தும்; கடைக்குள்ளே இருந்த நிழலின் கறுப்பை எடுத்துக்கொண்டேன். பக்கத்துத் தூணின் விளிம்பு வெளிச்சத்திலிருந்து இருளுக்கு மாற மூன்று பிக்சல் எடுத்தது. எழுத்தின் விளிம்பையும் அதே மூன்று பிக்சலுக்கு மங்கலாக்கி, படம் முழுக்க இருந்த பொடிமணல் போன்ற இரைச்சலை எழுத்தின் மேலும் தூவினேன்.

எழுத்து உட்கார்ந்த பிறகும் ஏதோ இடறியது. போர்டுக்கு முன்னால் மின்கம்பி ஒன்று குறுக்கே போகிறது. எழுத்து அந்தக் கம்பிக்கு மேலே ஏறியிருந்தது. கம்பியைத் தனியாக வெட்டி எல்லாவற்றுக்கும் மேல் லேயராக வைத்ததும் 'நி'யின் சுழிக்குக் குறுக்கே அது ஓடி, போர்டு சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. கடையின் கண்ணாடி அலமாரியில் தெருவின் பிரதிபலிப்பு ஒன்று இருந்தது. அதில் பழைய தூண்களே, பழைய இடைவெளியில் நின்றன. பிரதிபலிப்பைக் கணக்குப் போட்டு வரைய அன்றிரவு எனக்கு நேரமில்லை. கண்ணாடியை இருட்டாக்கி, உள்ளே ஒரு பிஸ்கட் ஜாடியின் நிழல் மட்டும் தெரியும்படி வைத்து, கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினேன்.